தாத்தாவின் புது போனுக்கு எந்த வயர், எந்த சார்ஜர்? எழுதி அனுப்புவதா, பேசி அனுப்புவதா, படமா, வீடியோ அழைப்பா?

கடந்த சில மாதங்களில் இரண்டு மூன்று பேர் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். தாத்தாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தாயிற்று. அவர் வீட்டு மேஜை டிராயரில் பத்து வருஷத்து வயர்கள் பின்னிக் கிடக்கின்றன. "இதுல எதுப்பா இந்த போனுக்கு?" என்கிறார். நாமோ வேறு ஊரில் இருக்கிறோம். படிப்படியாக ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று உட்கார்ந்தால், மூன்றாவது வரியிலேயே "டைப்-சி" என்று எழுதிவிட்டு அழிக்க வேண்டியிருக்கிறது. எழுதுவதைவிடப் பேசி அனுப்பினால் புரியுமோ? படம் எடுத்து வட்டம் போட்டால்? வீடியோ அழைப்பில் காட்டிவிட்டால் வேலை முடிந்ததோ?

நான்கையும் என் தாத்தாவிடம் முயன்று பார்த்திருக்கிறேன். நான்கிலும் ஏதாவது ஒன்று இடறியது. எது எங்கே இடறியது என்பதை வைத்தே இந்த ஒப்பீடு.

## முதலில் நமக்கே விடை தெரிய வேண்டும்

செய்தி நீளமாகப் போவதற்குப் பெரும்பாலும் தாத்தா காரணம் இல்லை. எது சரியான ஜோடி என்பதை நாமே முடிவு செய்யாமல் எழுத ஆரம்பிப்பதுதான் காரணம். "இது இருந்தா இதைப் போடுங்க, இல்லைன்னா அதைப் போடுங்க" என்று எழுதினால், முடிவெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

என் தாத்தாவின் டிராயரில் இருந்தவை ஐந்து. புது போனின் அட்டைப்பெட்டியில் வந்த வெள்ளை வயர் ஒன்று. அதன் இரண்டு முனையும் டைப்-சி. பழைய போனின் சார்ஜர்; அதில் வயர் நிரந்தரமாக ஒட்டியே இருக்கும், முனையில் மைக்ரோ யூஎஸ்பி. டேப்லெட்டுடன் வந்த ஒரு சார்ஜர்; 5 வோல்ட், 2 ஆம்பியர், அகலமான செவ்வக ஓட்டை. ஒரு முனை செவ்வகமாகவும் மறுமுனை டைப்-சியாகவும் உள்ள குட்டி கறுப்பு வயர், ஏதோ இயர்போனுடன் வந்தது. ஐந்தாவது, மாமா விட்டுப்போன மடிக்கணினியின் 65 வாட் சார்ஜர்; அதன் ஒட்டிய வயரின் முனை டைப்-சி.

புது போனின் பெட்டியில் சார்ஜர் இல்லை. இப்போது பல போன்கள் வயரோடு மட்டும்தான் வருகின்றன. தாத்தாவின் முதல் குழப்பமே அங்கிருந்துதான். புது வயரின் முனை, வீட்டில் இருக்கும் எந்தப் பழைய சார்ஜரின் செவ்வக ஓட்டையிலும் போகாது. "வயர் கொடுத்திருக்கான், செருக இடம் இல்லை" என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஐந்தையும் வைத்து என்ன செய்யலாம்? டேப்லெட் சார்ஜரையும் குட்டி கறுப்பு வயரையும் சேர்த்தால் போன் சார்ஜ் ஆகும். 5 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்கினால் 10 வாட். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் சுமார் 19 வாட் மணி. வழியில் வீணாவதையும் சேர்த்தால் முழுதாக ஏற இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குபவருக்கு அது ஒரு குறையே இல்லை. மடிக்கணினி சார்ஜரும் வேலை செய்யும். "அவ்வளவு பெரிசைப் போட்டா போன் எரிஞ்சிடாதா?" என்று தாத்தா கேட்டார். எரியாது. தரமான டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். போன் கேட்டால்தான் மேலே ஏற்றும். போன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது மாமாவின் பொருள். ஒருநாள் அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார், அன்றைக்குச் செய்தி பொய்யாகிவிடும்.

நான் மூன்றாவது வழியை எடுத்தேன்: டைப்-சி ஓட்டை உள்ள 25 வாட் சார்ஜர் ஒன்று வாங்கி அனுப்பினேன். வேகம் கூடுகிறது, சரி. ஆனால் எனக்கு வேகம் இரண்டாம்பட்சம். இரண்டு முனையும் ஒரே மாதிரி உள்ள வயரில் "எந்த முனை எங்கே" என்ற கேள்வியே எழாது. டைப்-சியைத் தலைகீழாகத் திருப்பினாலும் போகும். செவ்வக முனை அப்படியல்ல. ஒரு பக்கமாகத்தான் போகும், பாதி தடவை நாமே தப்பாகத்தான் செருகுகிறோம். எழுத வேண்டிய இரண்டு படிகளை இந்த ஒரு வாங்கல் தின்றுவிட்டது.

புதுச் செலவு வேண்டாம் என்பவர்கள் டேப்லெட் சார்ஜர் ஜோடியையே வைத்துக்கொள்ளலாம். அப்போது செய்தியில் இரண்டு படி கூடும், அவ்வளவுதான். ஒட்டிய வயருள்ள அந்தப் பழைய சார்ஜருக்கு மட்டும் ஒரு குட்டி மாற்றி வாங்கிப் போட்டு ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். விரல் நுனி அளவு சாமான் அது. ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் நான்கு.

முதலாவது, போன் அணைந்து கிடக்கும்போது அந்தச் செய்தி கிடைக்குமா? இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. எப்படிச் சார்ஜ் போடுவது என்கிற குறிப்பு எந்த போனுக்குள் இருக்கிறதோ, அந்த போன் செத்துக் கிடக்கும்போதுதான் குறிப்பு தேவைப்படுகிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இரண்டாவது, ஒரு கையில் வயரை வைத்துக்கொண்டு பின்பற்ற முடியுமா?

மூன்றாவது, ஒத்த தோற்றமுள்ள இரண்டைப் பிரித்துக் காட்டுமா? மைக்ரோ யூஎஸ்பியும் டைப்-சியும்தான் இங்கே இரட்டைப் பிள்ளைகள். டைப்-சி முனை சுமார் 8.4 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் உருண்ட நீள மாத்திரை வடிவம். மைக்ரோ யூஎஸ்பி ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், முனையில் குட்டியாக இரண்டு கொக்கிகள். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எழுபது எண்பது வயதுக் கண்கள் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மைக்ரோ முனை சின்னது என்பதால் டைப்-சி ஓட்டைக்குள் நுழையப் பார்க்கும். அப்போது அழுத்தினால் ஓட்டையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு வளையலாம். அது போனால் போனையே பழுதுபார்க்கும் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

நான்காவது, தப்பாகப் போட்டிருந்தால் அது தப்பு என்று அவருக்கே தெரியுமா?

## எழுத்துச் செய்தி

எழுத்தின் பெரிய லாபம், நின்று நின்று படிக்கலாம் என்பது. மூன்றாம் படியை நான்கு தடவை படித்தாலும் அது சலித்துக்கொள்ளாது. அதைவிடப் பெரிய லாபம், ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். தாளுக்குச் சார்ஜ் வேண்டாம். முதல் அளவுகோலில் எளிதாகத் தேறுவது இதுதான்.

மறைந்திருக்கும் செலவு, சொற்கள். நாம் கேபிள் வேறு, அடாப்டர் வேறு என்று பிரிக்கிறோம். தாத்தாவுக்குச் "சார்ஜர்" என்றால் வயரும் சேர்ந்த முழுச் சாமானும்தான், ஏனென்றால் அவருடைய பழைய சார்ஜர் உண்மையிலேயே அப்படி ஒட்டியே இருந்தது. நான் முதலில் அனுப்பியது இது:

> தாத்தா, பாக்ஸில் வந்த டைப்-சி டு டைப்-சி கேபிளை 25 வாட் பிடி அடாப்டரில் கனெக்ட் பண்ணி யூஸ் பண்ணுங்க. பழைய மைக்ரோ யூஎஸ்பி சார்ஜர் செட் ஆகாது.

இதில் ஒரு பொய்யும் இல்லை. பயனும் இல்லை. அவர் திரும்ப அனுப்பிய பதில் "சரிப்பா". நானும் புரிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். மறுநாள் பாட்டியின் போனிலிருந்து கூப்பிட்டார், புது போன் அணைந்துவிட்டதாம். "சரிப்பா" என்பது புரிந்தது என்பதற்கான பதில் அல்ல. பேரன் மனசு நோகக் கூடாது என்பதற்கான பதில்.

எழுத்து யாருக்குச் சரி? செய்தித்தாள் படிக்கும், கைப்பட எழுதும் பழக்கமுள்ள தாத்தாவுக்கு. கண்பார்வை கொஞ்சம் குறைந்திருந்தாலும் பரவாயில்லை. தாளில் அவருக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக எழுதிக்கொள்வார்.

## குரல் செய்தி

படிக்கச் சிரமப்படுபவருக்கு இதுதான் வழி. குரலில் அன்பும் போய்ச் சேரும், அது தனி லாபம். ஆனால் நான் அனுப்பியது ஒரு நிமிஷம் இருபது விநாடி ஓடியது. அவர் போனைக் காதில் வைத்துக் கேட்கிறார். வயரை எடுக்கப் போனைக் கீழே வைக்கிறார். அதற்குள் நான் நான்காம் படிக்குப் போய்விட்டேன். பின்னால் நகர்த்தலாம் என்றால் அந்த மெல்லிய கோட்டில் விரல் வைத்து இழுக்க வேண்டும், அது அவருக்கு வயரைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய வேலை. ஒவ்வொரு தடவையும் "தாத்தா, எப்படி இருக்கீங்க" என்பதிலிருந்தே கேட்டிருக்கிறார்.

குரலில்தான் அனுப்ப வேண்டும் என்றால் படிக்கு ஒன்றாக, பத்துப் பதினைந்து விநாடியில் தனித்தனியாக அனுப்புங்கள். "ரெண்டாவது" என்று ஆரம்பித்து ஒரு வேலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுங்கள். அப்போதும் போன் அணைந்தால் குரலும் அணைந்துவிடும். வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதற்கும் அனுப்பி வையுங்கள்.

## படம் எடுத்து வட்டம் போடுவது

இதில்தான் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருந்தேன். படம் இருந்தால் சொல் எதற்கு? ஆனால் முனைகளை மேலிருந்து படம் எடுத்தால் மைக்ரோவும் டைப்-சியும் ஒரே மாதிரி வெள்ளிப் பட்டைகளாகத்தான் தெரியும். படத்தில் அளவு தெரியாதே. பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாமல் 8.4 மில்லிமீட்டருக்கும் 6.9 மில்லிமீட்டருக்கும் கண் என்ன வித்தியாசம் காணும்? முனையின் வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வைத்து, இரண்டையும் அருகருகே எடுத்தால்தான் ஒன்று மாத்திரையாகவும் மற்றது ஒரு பக்கம் குறுகியும் தெரியும்.

இணையத்தில் கிடைத்த படத்தை அனுப்பாதீர்கள். நான் அனுப்பியதில் வயர் கறுப்பு. அவரிடம் இருப்பது வெள்ளை. அவர் டிராயரில் கறுப்பு வயரைத் தேடினார். கிடைத்தது, அந்தக் குட்டி வயர். அதன் ஒரு முனை போனில் போகும், மறுமுனை புது சார்ஜரில் போகாது. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

அவர் வீட்டுச் சாமானையே, வெளிர் நிறத் துணிமேல் வைத்து, யாராவது எடுத்து அனுப்ப முடிந்தால் படத்துக்கு நிகர் இல்லை. நீங்கள் அந்த வீட்டில் இருந்த நாளிலேயே எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. சரியானதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் ஒன்று போதும். தப்பானதன் மேல் பெருக்கல் குறி போடப் போனால் படத்தில் எது முக்கியம் என்பது மங்கிவிடும். இன்னொரு மறைமுகச் செலவு, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் படம் இரண்டே நாளில் புதைந்துவிடும். தாத்தா இருக்கிற குடும்பக் குழுவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

## வீடியோ அழைப்பு

அந்த நிமிஷத்தில் வேலை முடிய இதைவிட நல்ல வழி இல்லை. அவர் காட்டுவார், நாம் "அது இல்ல தாத்தா, பக்கத்துல இருக்கிறது" என்போம், முடிந்தது. பாதி வழியில் தப்பு நடந்தால் உடனே தெரியும். நான்காவது அளவுகோலில் இதற்குத்தான் முதல் மார்க்.

ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. சார்ஜ் போட வேண்டிய போன்தான் கேமராவும். வயரைக் காட்டலாம், சார்ஜரைக் காட்டலாம். போனின் அடியில் இருக்கும் ஓட்டையை மட்டும் அந்த போனாலேயே காட்ட முடியாது. அவர் செருகும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக் கூரையும் மின்விசிறியும். கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னேன். அது வேறு ஒரு குழப்பத்தில் முடிந்தது, அதை விவரிக்கப் போவதில்லை.

பாட்டியின் போனிலிருந்தோ அத்தையின் போனிலிருந்தோ கூப்பிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்போதும் ஒன்று பாக்கி இருக்கும். அன்றைக்குச் செய்தது அடுத்த வாரம் நினைவில் நிற்காது. அழைப்பில் செய்தது நாம். அவர் கை மட்டும் கடன் கொடுத்தார். முதல் தடவை போடும்போது மட்டும், அதுவும் எழுத்துச் செய்தி ஏற்கெனவே கையில் இருக்கும்போது, வீடியோ அழைப்பு நல்ல துணை.

## ஒரே பார்வையில்

| | போன் அணைந்தாலும் கிடைக்குமா | கையில் வயரோடு பின்பற்ற | ஒத்த முனைகளைப் பிரிக்க | தப்பு தெரிய | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| எழுத்து | தாளில் எழுதினால் ஆம் | எளிது | தொட்டு அறியும் அடையாளம் சொன்னால் ஆம் | கடைசிப் படியாகச் சேர்த்தால் ஆம் | சொல் தேர்வு நம் தலையில் |
| குரல் | இல்லை | சிரமம் | சுமார் | சுமார் | ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்பது |
| படம் | அச்சிட்டால் ஆம் | எளிது | அவர் வீட்டுப் படமானால் நன்று | இல்லை | குழுச் செய்திகளில் புதைவது |
| வீடியோ அழைப்பு | வேறு போன் வேண்டும் | நாம் இருக்கும்வரை எளிது | நன்று | மிக நன்று | அடுத்த வாரம் மறுபடி |

நான் எடுத்த முடிவு: எழுத்து, அதைத் தாளில் எழுதச் சொல்வது, முதல் தடவைக்கு மட்டும் பாட்டியின் போனில் ஒரு வீடியோ அழைப்பு. உங்கள் தாத்தாவுக்குப் படிக்க முடியாது என்றால் அவர் வீட்டுச் சாமானின் படத்தை அச்செடுத்து அனுப்பிவிட்டு, படிக்கு ஒரு குரல் செய்தி.

## கடைசியில் அனுப்பியது

சார்ஜரைப் பார்சல் கட்டும்போது அதன் பின்களுக்கு எதிர்ப்பக்கம், ஓட்டையை மறைக்காதபடி, சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டியிருந்தேன். இன்னொரு துண்டு நூலையும் உள்ளே போட்டிருந்தேன். மற்ற வழிகளெல்லாம் இடறிய பிறகு இதை அனுப்பினேன்:

> தாத்தா, புது போனுக்குச் சார்ஜ் போடும் முறை. இதை ஒரு தாள்ல பெருசா எழுதி சார்ஜரோட வச்சுக்கோங்க.
>
> 1. வெள்ளை வயரை எடுங்க. அதோட ரெண்டு முனையும் ஒரே மாதிரி, நீள மாத்திரை மாதிரி இருக்கும். முனை ரெண்டும் வேற வேறயா இருந்தா அது இல்ல.
>
> 2. சிவப்பு நூல் கட்டின சார்ஜரை எடுங்க.
>
> 3. வயரோட ஒரு முனையை அந்தச் சார்ஜர்ல செருகுங்க. எந்த முனைன்னாலும் சரி.
>
> 4. இன்னொரு முனையைப் போனோட அடிப்பக்கம், நடுவுல இருக்கிற நீள ஓட்டையில செருகுங்க. எப்படித் திருப்பினாலும் போகும். போகலைன்னா அழுத்த வேண்டாம்.
>
> 5. சார்ஜரைச் சுவர்ல மாட்டுங்க.
>
> 6. போன் மேல இருக்கிற பேட்டரி படத்துல மின்னல் குறி வந்தா எல்லாம் சரி. வரலைன்னா பாட்டி போன்ல இருந்து என்னைக் கூப்பிடுங்க.
>
> வயர்லயும் அந்தச் சிவப்பு நூலைக் கட்டிடுங்க.

முதல் படியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். டைப்-சி என்ற பெயரை விட்டுவிட்டு அந்த டிராயரில் அந்த ஒரு வயருக்கு மட்டுமே உள்ள அடையாளம் எது என்று தேடினேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பது அது ஒன்றுதான். இதைக் கண்ணாடி போடாமலே இரண்டு கட்டை விரல்களாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். உங்கள் தாத்தாவின் டிராயரில் அப்படி இரண்டு வயர் இருந்தால் இந்த அடையாளம் உதவாது. நிறமோ நீளமோ வேறு ஒன்றைத் தேட வேண்டும்.

நான்காம் படியில் "நடுவுல" என்ற சொல் காரணத்தோடு இருக்கிறது. பல போன்களில் அடிப்பக்கத்தில் இயர்போனுக்கு ஒரு வட்ட ஓட்டை, ஒலி வரும் துளைகள், மைக் துளை எல்லாம் வரிசையாக இருக்கும். "கீழே இருக்கிற ஓட்டை" என்றால் எது? "வலது", "இடது" என்றும் எழுதவில்லை. போனைத் திருப்பிப் பிடித்தால் அவை இடம் மாறிவிடும்.

25 வாட், வேகமாக ஏறும் என்பதெல்லாம் செய்தியில் இல்லை. சார்ஜர் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்க்கச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும் அந்த எழுத்தை நானே போன் கேமராவால் பெரிதாக்கித்தான் படித்தேன். நூல் கட்டுவதை அது வெல்லாது.

## மின்னல் வரவில்லை என்றால்

முதல் தடவை வரவில்லை. பாட்டியின் போனில் வீடியோ அழைப்பு. முனை உள்ளே போயிருந்தது, ஆனால் முழுதாக இல்லை. வெள்ளியாக ஒரு கோடு இன்னும் வெளியே தெரிந்தது. புது போனுக்கு அத்தை வாங்கிப் போட்டிருந்த தடித்த பின்னுறைதான் காரணம். ஓட்டைக்கான வெட்டு குறுகலாக இருந்ததால் முனையின் பிளாஸ்டிக் அதில் இடித்து நின்றுவிட்டது. உறையைக் கழற்றியதும் லேசான ஒரு "டிக்", மின்னல் வந்துவிட்டது. உலோகம் வெளியே தெரிந்தால் செருகியது போதவில்லை என்று தாளின் ஓரத்தில் பிறகு எழுதிக்கொண்டார்.

பழைய போனில் இதே அறிகுறி வந்தால் பெரும்பாலும் பஞ்சுதான் காரணம். சட்டைப் பையிலிருக்கும் நூல்தூசி ஓட்டைக்குள் அடைந்து அமுங்கிக் கிடக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி வேண்டவே வேண்டாம்.

மின்னல் வந்தும் ஜோடி தப்பாக இருக்க ஒரு வழி உண்டு. சில போன்களின் பூட்டுத் திரையில் `Charging slowly` என்று வரும். டிராயரிலிருந்து பழைய சார்ஜர் ஏதோ ஒன்று திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஆங்கில வரியைப் படிக்கச் சொல்வதைவிட எண்ணைப் பார்க்கச் சொல்வது எளிது. போன் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும்போது போட்டால், இந்தச் சார்ஜரில் கால் மணி நேரத்தில் பத்துக்கு மேல் கூடியிருக்கும். ஐந்துகூடக் கூடவில்லை என்றால் எதுவோ மாறியிருக்கிறது. முழுதாக நிரம்பும் தறுவாயில் இந்தக் கணக்கு பலிக்காது. கடைசியில் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் கழித்துப் பேசும்போது தாத்தா கேட்டது வேறு ஒன்று: "மத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுடவா?" போட வேண்டாம் என்றேன். அவருடைய டார்ச் லைட் மைக்ரோ முனையில்தான் சார்ஜ் ஆகிறது, அதற்கு அந்தப் பழைய சார்ஜர் வேண்டும். செவ்வக முனையுள்ள குட்டி கறுப்பு வயரும் இருக்கட்டும். டைப்-சி ஓட்டை வைத்த மலிவான சில சாமான்கள், முகச்சவர இயந்திரம் மாதிரி, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரில் சார்ஜே ஏறாமல் அடம்பிடிக்கும், செவ்வக முனை வயரில் மட்டும் ஏறும். எல்லாவற்றையும் ஒரு பழைய துணிப்பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். டிராயரில் இப்போது சிவப்பு நூல் கட்டிய இரண்டு சாமானும், நான்காக மடித்த ஒரு தாளும் மட்டும்தான் இருக்கின்றன. தாளில் ஆறு படிக்கும் கீழே, பாட்டியின் போன் எண்ணையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.